OE என்று மின்னினால்: மேனுவல் பக்கங்களை ஒரு தாளில் அடக்குவது

முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டது. திரையில் OE என்று மின்னுகிறது. துணியும் உள்ளே, தண்ணீரும் உள்ளே, கதவு திறக்கவில்லை. இதற்கான விடை மேனுவலில் நிச்சயம் இருக்கும். ஆனால் அது பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே கோளாறை மூன்று இடங்களில் மூன்று பெயரில் சொல்லிக்கொண்டு இருக்கும். அவசரத்தில் அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அதனால் மேனுவலின் கோளாறுப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து, என்ன தெரிகிறது, எதனால் இருக்கலாம், என்ன செய்யவேண்டும் என்று மூன்று பத்தியில் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. வீட்டில் யார் மெஷின் போட்டாலும் உதவும்.

வேலை சுலபம் போலத்தான் தோன்றும். ஏற்கெனவே அட்டவணையாக இருப்பதை இன்னொரு அட்டவணையாக எழுதுவதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். அச்சில் ஒரு காரணத்துக்கும் அதன் தீர்வுக்கும் உள்ள உறவைக் கோடுகளும் இடைவெளியும்தான் காட்டுகின்றன. படம் பிடித்துச் சுருக்கும்போது முதலில் தொலைவது அந்த உறவு. காரணமும் இருக்கும், தீர்வும் இருக்கும், ஆனால் எதற்கு எது என்பது மாறிப்போயிருக்கும். வாஷிங் மெஷினையே எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படத்தில் என்னென்ன இருக்கவேண்டும்

முதல் படம் மேனுவலுடையது அல்ல, மெஷினுடையது. மாடல் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் பெரும்பாலும் கதவைத் திறந்தால் வாய்ப்பகுதியைச் சுற்றியோ, மெஷினின் பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். ஒரே மேனுவலைப் பல மாடல்களுக்குப் பொதுவாக அச்சிடுவது நிறுவனங்களின் வழக்கம். "சில மாடல்களில் மட்டும்" என்ற குறிப்பு ஒரு நட்சத்திரக் குறியோடு பக்கத்தின் அடியில் ஒளிந்திருக்கும். நம் மெஷினில் இல்லாத வசதிக்கான வரிகளை அட்டவணையில் ஏற்றாமல் இருக்க மாடல் எண் கையில் இருக்கவேண்டும்.

அடுத்து பக்கங்கள். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வரும் வெளிச்சம் போதும். ஃபிளாஷ் போட்டால் வழவழப்பான தாளில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, அதற்குக் கீழே உள்ள இரண்டு வரிகள் காணாமல் போகும். எதிரெதிர்ப் பக்கங்களை ஒரே படத்தில் எடுக்கக்கூடாது. நடுத் தையலை ஒட்டிய பகுதி வளைந்து உள்ளே போவதால், இடப் பக்கத்தின் கடைசிப் பத்தியிலும் வலப் பக்கத்தின் முதல் பத்தியிலும் எழுத்துகள் நசுங்கிவிடும். இடப் பக்கத்தில் அந்தக் கடைசிப் பத்திதான் தீர்வு. ஒவ்வொரு பக்கத்தையும் விரலால் அழுத்தித் தட்டையாக்கி, நேர் மேலிருந்து, பக்க எண்ணும் சட்டத்துக்குள் வரும்படி எடுங்கள். புத்தகத்தை மூடுவதற்கு முன் படத்தைப் பெரிதாக்கி, அடிக்குறிப்பின் பொடி எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

பலர் தவறவிடுவது கோளாறுப் பக்கங்களுக்கு வெளியே இருக்கும் பக்கங்களை. கோளாறு அட்டவணையில் தீர்வு முழுதாக இருப்பது அபூர்வம். "வடிகால் ஃபில்டரைச் சுத்தம் செய்யவும், பராமரிப்புப் பகுதியைப் பார்க்க" என்றுதான் இருக்கும். அந்தப் பராமரிப்புப் பக்கத்தின் படம் இல்லையென்றால் நம் தாளிலும் "சுத்தம் செய்யவும்" என்ற ஒற்றைச் சொல்தான் வரும். எப்படி என்று தெரியாதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆகவே அட்டவணை எந்தெந்தப் பக்கத்தைச் சுட்டுகிறதோ அந்தப் பக்கங்களையும், பைப் பொருத்தும் அளவுகள் உள்ள நிறுவல் பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் கோடு மங்கிய அட்டவணையை அது இடமிருந்து வலமாக ஒரே வரியாகப் படித்துவிடக்கூடும். காரணத்தின் முதல் வரியும் தீர்வின் முதல் வரியும் ஒட்டி, இரண்டின் இரண்டாம் வரிகளும் ஒட்டி, அர்த்தமற்ற கலவை கிடைக்கும். படத்தைப் பத்தி பத்தியாக வெட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

ஒரு வரிசைக்கு ஒரு காரணம்

அச்சில் இடப்பக்கம் "தண்ணீர் வடியவில்லை" என்று ஒரு பெரிய கட்டம் இருக்கும். அதற்கு நேராக நடுவில் இரண்டு மூன்று காரணங்கள், வலப்பக்கம் இரண்டு மூன்று தீர்வுகள். நம்மில் பெரும்பாலோர் அறிகுறிக்கு ஒரு வரிசை என்று வைத்து எழுதுவோம். காரணங்களை எல்லாம் ஒரு கட்டத்தில் கமா போட்டு அடுக்குவோம், தீர்வுகளை எல்லாம் அடுத்த கட்டத்தில் அடுக்குவோம். "பைப் மடங்கியிருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், பைப் உயரமாக இருக்கலாம்" என்று ஒரு பக்கம், "நிமிர்த்தவும், சுத்தம் செய்யவும், இறக்கவும்" என்று இன்னொரு பக்கம். இது எழுதியவருக்குப் புரியும். தண்ணீரோடு நிற்கும் மெஷின் முன்னால் இருப்பவருக்கு எதை முதலில் பார்ப்பது, எது சரியில்லை என்றால் எதைச் செய்வது என்று தெரியாது. காரணங்கள் நான்கும் தீர்வுகள் மூன்றுமாக இருந்துவிட்டால் குழப்பம் முழுமையாகிவிடும். ஒரே தீர்வு இரண்டு காரணங்களுக்குப் பொதுவாக இருப்பதும் உண்டு.

அதனால் ஒரு வரிசை என்பது ஒரு காரணத்துக்கு உரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிகுறி திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, அல்லது கீழே ஒரு மேற்படிக்குறி போட்டுக்கொள்ளலாம். காரணமும் அதன் தீர்வும் ஒரே வரியில் கை கோத்து நிற்கவேண்டும்.

அடுத்த சிக்கல், ஒரே கோளாறு மேனுவலில் சிதறிக் கிடப்பது. OE என்ற குறியீடு குறியீட்டுப் பட்டியலில் இருக்கும். "தண்ணீர் வடியவில்லை" என்பது அறிகுறிப் பட்டியலில் இருக்கும். "துணி பிழியப்படவில்லை" என்பது அதே பட்டியலில் வேறு இடத்தில் இருக்கும், சில சமயம் அடுத்த பக்கத்திலேயே இருக்கும். தண்ணீர் வடியாமல் மெஷின் பிழியும் கட்டத்துக்கே போகாது என்பதால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு இடத்தில் ஃபில்டர் அடைப்பு மட்டும் சொல்லப்பட்டிருக்கும், இன்னொரு இடத்தில் பைப் உயரமும் சேர்ந்திருக்கும். மூன்றையும் படித்து, காரணங்களை ஒன்றாகத் தொகுத்து, அறிகுறிக் கட்டத்தில் மூன்று பெயரையும் எழுதவேண்டும். தேடுபவர் எந்தப் பெயரோடு வந்தாலும் கண்ணில் படவேண்டும். குறியீட்டைக் கவனிக்காதவர் "துணி சொட்டச் சொட்ட வருது" என்றுதான் சொல்வார். அந்தச் சொல்லையும் எழுதி வையுங்கள்.

இவ்வாறு தொகுத்தால் கிடைக்கும் தாளின் ஒரு பகுதி இப்படி இருக்கும். குறியீடுகள் எல்ஜி மெஷின்களில் காணப்படுபவை. பக்க எண்களுக்கென்று ஒரு ஒல்லியான நான்காம் பத்தியை நீங்கள் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

| என்ன தெரிகிறது | எதனால் இருக்கலாம் | என்ன செய்யவேண்டும் |
|---|---|---|
| OE / தண்ணீர் வடியவில்லை / துணி சொட்டச் சொட்ட வருகிறது | வடிகால் பைப் மடங்கியிருக்கிறது. பின்பக்கம் எட்டிப் பார்த்தால் தெரியும் | மடிப்பை நீக்கி, மெஷினைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கவும் |
| மேற்படி | வடிகால் பைப்பின் முனை மேனுவல் சொல்லும் உயரத்துக்கு மேல் இருக்கிறது | முனையை இறக்கிப் பொருத்தவும் |
| மேற்படி | கீழே உள்ள பம்ப் ஃபில்டரில் நூல், நாணயம், ஊக்கு | பிளக்கைப் பிடுங்கவும். தண்ணீர் சூடாக இருந்தால் ஆறவிடவும். சின்ன வடிகுழாய் வழியே தண்ணீரை முழுதும் வடிக்கவும். அதன் பிறகே மூடியை மெதுவாகத் திருகவும் |
| IE / தண்ணீர் வரவில்லை | குழாய் மூடியிருக்கிறது, அல்லது பாதிதான் திறந்திருக்கிறது | முழுதும் திறக்கவும் |
| மேற்படி | தண்ணீர் உள்ளே வரும் பைப்பின் இணைப்பில் உள்ள வலையில் மண், துரு | குழாயை மூடிவிட்டுப் பைப்பைக் கழற்றவும். வலையை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்க்கவும் |
| UE / பிழியும்போது நின்று நின்று சுற்றுகிறது | ஒற்றைப் போர்வை, அல்லது துணி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டது | துணியைப் பிரித்துப் போடவும். ஒரே துணி என்றால் இன்னும் சில சேர்க்கவும் |
| LE / ட்ரம் சுற்றவில்லை | மோட்டாருக்குச் சுமை அதிகம் | 30 நிமிடம் ஆறவிட்டு மீண்டும் தொடங்கவும். மறுபடியும் வந்தால் சர்வீஸ் |
| FE / தண்ணீர் நிற்காமல் நிரம்புகிறது | தண்ணீர் விடும் வால்வு மூடவில்லை | முதலில் குழாயை மூடவும். பிறகு பிளக்கைப் பிடுங்கவும். பிறகு சர்வீஸ் |

ஒரு அறிகுறிக்குள் காரணங்கள் வந்திருக்கும் வரிசையைப் பாருங்கள். எட்டிப் பார்த்தாலே தெரிவது முதலில், கையால் நகர்த்துவது அடுத்து, திறந்து கழற்றவேண்டியது கடைசி. மேனுவல் வேறு வரிசையில் சொல்லியிருக்கலாம். அதை மாற்ற நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் காரணங்களின் வரிசைக்குப் பெரும்பாலும் அங்கே தனி அர்த்தம் கிடையாது. ஆனால் ஒரு தீர்வுக்குள் இருக்கும் படிகளின் வரிசையில் கை வைக்கக்கூடாது. அது வேறு கதை.

சுருக்கத்தில் விழக்கூடாத சொற்கள்

பம்ப் ஃபில்டர் வரியை "ஃபில்டரைச் சுத்தம் செய்யவும்" என்று சுருக்கினால் தாளில் இடம் மிச்சமாகும். அதைப் படித்தவர் ட்ரம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே மூடியைத் திருகுவார். அந்த மூடி மெஷினின் அடியில், தரையை ஒட்டி இருக்கிறது. உள்ளே உள்ள தண்ணீர் அத்தனையும் அந்த வழியாகப் பாயும். சுடுநீர் ஓட்டமாக இருந்தால் கை வெந்துவிடும். மேனுவல் எழுதியவர் "முதலில்", "பிறகே", "ஆறிய பின்" என்று போட்டதற்கு இதுதான் காரணம். சுருக்குபவர் கண்ணுக்கு அவை அலங்காரச் சொற்களாகத் தெரியும், எளிதாக விழுந்துவிடும்.

FE வரியும் அப்படித்தான். "தண்ணீர் நிரம்பி வழிந்தால் சர்வீஸை அழைக்கவும்" என்று எழுதுவது பொய் அல்ல. ஆனால் வால்வுக்குள் தூசி சிக்கி அது திறந்தபடியே நின்றுவிட்டால், மின்சாரத்தை நிறுத்தினாலும் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதை நிறுத்தக்கூடியது சுவரில் உள்ள குழாய் மட்டும்தான். குழாயை மூடும் படி தாளில் இல்லையென்றால், சர்வீஸ் ஆள் வருவதற்குள் வீடு நனைந்துவிடும்.

அதனால் ஒரு வேலை செய்யலாம். மூலப் பக்கத்தின் படத்தில் "கூடாது", "முன்", "பின்", "மட்டும்", "தவிர" என்ற பொருள் தரும் சொற்களையெல்லாம் முதலில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். தாளை எழுதி முடித்த பிறகு, ஒவ்வொரு வட்டமும் எங்கே போனது என்று தேடுங்கள். ஒன்று விழுந்திருந்தால் அது எந்த மாடலுக்கு, எந்த நிலைமைக்கு உரியது என்று பார்த்து, தேவையானால் திரும்பச் சேர்க்கவேண்டும். வேறு எங்கே சுருக்கினாலும் இங்கே சுருக்கவேண்டாம்.

"இருக்கலாம்" என்ற சொல்லும் இதே வகைதான். மேனுவல் சாத்தியங்களைச் சொல்கிறது, தீர்ப்புச் சொல்லவில்லை. "LE - மோட்டார் கெட்டுவிட்டது" என்று எழுதினால், அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகியிருக்கக்கூடிய மெஷினுக்கு மோட்டார் விலை விசாரிக்கத் தொடங்குவார்கள்.

திரையில் தெரியும் எழுத்து

குறியீட்டை எழுதுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பல மெஷின்களின் சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தும் ஏழு கோடுகளால் ஆனது. அதில் 5-ம் S-ம் ஒன்றுபோலவே இருக்கும். 0-வும் O-வும் ஒன்று. பெரிய D எழுதினால் 0 ஆகிவிடும் என்பதால் கதவுக்கான குறியீடு dE என்று சின்ன எழுத்தில் தொடங்குகிறது. சாம்சங் மெஷின்களில் தண்ணீர் வடியாததற்கான குறியீட்டை 5E என்றும் SE என்றும் இருவிதமாகக் காணலாம், திரையில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆகவே அச்சில் இருப்பதையும் திரையில் தெரிவதையும் சேர்த்து எழுதுவது பாதுகாப்பானது.

ஒரு நிறுவனத்தின் குறியீட்டை இன்னொன்றின் தாளுக்குக் கடன் வாங்கவும் கூடாது. தண்ணீர் வராததற்கு எல்ஜி IE என்றால் சாம்சங் 4E அல்லது 4C என்கிறது. பக்கத்து வீட்டுத் தாள் நமக்குப் பயன்படாது.

இன்னொன்று, மின்னும் எல்லாமே கோளாறு அல்ல. CL என்பது குழந்தைப் பூட்டு போட்டிருப்பதைத்தான் சொல்கிறது. மீதமுள்ள நேரம் திடீரென்று கூடுவது, மெஷின் துணியைச் சமன்படுத்த மீண்டும் முயல்வதாலும் இருக்கலாம், நுரை அதிகமாகிக் கூடுதலாக அலசுவதாலும் இருக்கலாம். ஓட்டம் முடிந்தும் கதவு ஓரிரு நிமிடம் திறக்காமல் இருப்பதும் இயல்பு. மேனுவலில் "இது கோளாறு அல்ல" என்று தனியாகப் போட்டிருக்கும் இந்த வரிகளைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தேவையற்ற சர்வீஸ் அழைப்புகளைத் தவிர்ப்பவை இவைதான். அட்டவணையின் அடியில், தனிக் கட்டத்தில், மூன்று நான்கு வரிகளாக இவற்றை வைக்கலாம்.

மேனுவலில் இல்லாதது

IE வந்தது. குழாய் முழுதும் திறந்திருக்கிறது, பைப் மடங்கவில்லை, வலை சுத்தமாக இருக்கிறது. மேனுவலின் காரணங்கள் தீர்ந்துவிட்டன, அல்லது "நீரழுத்தம் குறைவு" என்று ஒரு வரி மிச்சம் இருக்கும். அதற்குத் தீர்வுப் பத்தியில் உருப்படியாக எதுவும் இருக்காது. மேல்நிலைத் தொட்டியை நம்பும் நம் வீடுகளில், அதிலும் மேல் மாடியில், இந்த வரிதான் முக்கியம். விவரப் பட்டியலில் குறைந்தபட்ச நீரழுத்தம் 50 கிலோபாஸ்கல் என்றோ 100 என்றோ போட்டிருக்கும். நிற்கும் தண்ணீர் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். ஆக 50 வேண்டுமென்றால் தொட்டியின் நீர்மட்டம் மெஷினின் இணைப்புக்கு மேல் சுமார் 5 மீட்டராவது இருக்கவேண்டும். நேர் மேலே மொட்டை மாடியில் தொட்டி இருந்தால் 3 மீட்டர் தேறுவதே கடினம். அங்கே வலையை எத்தனை முறை தேய்த்தாலும் IE வந்துகொண்டுதான் இருக்கும். தொட்டியைத் தனி மேடையில் உயர்த்துவதோ, அழுத்தம் கூட்டும் சிறு பம்ப் வைப்பதோதான் வழி.

இதை நம் தாளில் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஆனால் வேறு நிற மையில். மேனுவல் சொன்னது எது, நாம் கூட்டிச் சேர்த்தது எது என்று பார்த்ததும் தெரியவேண்டும். பக்க எண் இருந்தால் மேனுவல், இல்லாவிட்டால் நம்முடையது என்று வைத்துக்கொண்டால் போதும்.

நிறுவல் பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னதன் பயனும் இங்கேதான். வடிகால் பைப்பின் முனை தரையிலிருந்து இத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும் என்று அங்கே ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் இருக்கும். 60 முதல் 100 செ.மீ. வரை என்பது போன்ற அளவுகளைப் பல மேனுவல்களில் பார்க்கலாம். மேல் எல்லையைத் தாண்டினால் பம்ப் திணறும், OE வரும். கீழ் எல்லைக்குக் கீழே பைப்பைத் தரையில் போட்டுவிட்டாலோ, உள்ளே வரும் தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு வெளியேறிக்கொண்டிருக்கும். மெஷின் நிரம்பவே நிரம்பாது. கடைசியில் திரையில் வருவது தண்ணீர் வரவில்லை என்ற குறியீடாகக்கூட இருக்கலாம். வடிகால் பைப்பின் தவறு, வரும் குழாயின் தவறுபோல வேடம் போடுகிறது. ஆகவே IE-க்குக் கீழே "வடிகால் பைப்பின் முனை தாழ்ந்திருக்கிறது, உள்ளே விழும் தண்ணீர் உடனுக்குடன் வெளியே ஓடும் சத்தம் கேட்கும்" என்று ஒரு வரிசை சேர்க்கலாம். கோளாறுப் பக்கத்தை மட்டும் படித்தவருக்கு இது கிடைக்காமல் போகக்கூடும்.

புது மெஷின் வந்தபோதும், வீடு மாறியபோதும் மட்டும் பொருந்தும் ஒரு வரி உண்டு. ட்ரம்மைப் பிடித்து வைக்கப் பின்பக்கம் போட்டிருக்கும் போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்கக் குதிக்கும். இதை அன்றாடத் தாளில் வைக்கவேண்டியதில்லை. தாளின் பின்புறம் எழுதிவைத்தால் போதும்.

ஒட்டுவதற்கு முன்

தாளை மேனுவல் படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். "மெஷினில் OE வருகிறது, உள்ளே தண்ணீர் இருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர் வாய்விட்டுச் சொல்வதைக் கவனியுங்கள். பிளக்கைப் பிடுங்குவதற்கு முன் ஃபில்டர் மூடிக்கு அவர் போய்விட்டால், கோளாறு அவரிடம் இல்லை, அந்தக் கட்டத்தில் இருக்கிறது. அதன் பிறகு தாளின் ஒவ்வொரு வரிசையிலிருந்தும் திரும்ப மூலப் படத்துக்குப் போய், காரணமும் தீர்வும் அங்கேயும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூலத்திலிருந்து தாளுக்கு வந்தால் விட்டுப்போனது தெரியும். தாளிலிருந்து மூலத்துக்குப் போனால்தான் இடம் மாறியது தெரியும்.

சர்வீஸ் என்று முடியும் வரிசைகளுக்கு அருகே மாடல் எண், வாங்கிய தேதி, அழைக்கவேண்டிய எண் ஆகியவற்றை எழுதி, அழைக்கும்போது சொல்லவேண்டிய மூன்றையும் குறித்து வையுங்கள்: திரையில் என்ன எழுத்து வந்தது, துவைக்கும்போதா அலசும்போதா பிழியும்போதா மெஷின் நின்றது, தாளில் உள்ள எந்தெந்த வரிசைகளை ஏற்கெனவே செய்து பார்த்தாயிற்று.